கச்சேரியில் தமிழ்ப் பாட்டு: 1941-இல் எதற்காக அந்தச் சண்டை?

வெண்ணாற்றங்கரை:
கர்நாடகக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று இயக்கமே நடத்தும் அளவுக்கு அன்றைக்கு என்ன நடந்தது? யார் ஆரம்பித்தார்கள், எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசாமல் இருந்ததாகச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஈரோட்டான்:
இதில் என்ன பெரிய விவரம் வேண்டும் தோழர். தமிழன் காசு கொடுத்துக் கேட்கிற கச்சேரியில் தெலுங்கும் சமஸ்கிருதமும் பாடினார்கள், திராவிட இயக்கம் தட்டிக் கேட்டது, மியூசிக் அகாடமி தமிழில் பாடவே கூடாது என்று தடை போட்டது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடினார் என்பதற்காக இடமே தீட்டாகிவிட்டது என்றார்கள். இதுதான் கதை.

சிதம்பரத்தான்:
ஈரோட்டான், உங்கள் கோபம் நியாயம், ஆனால் வரிசை மாறியிருக்கிறது. தொடங்கி வைத்தவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். தமிழ்ப் பாட்டு வளர்ச்சிக்கென்று 10,000 ரூபாய் ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டினார்கள். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கே பெரும்பங்கு தர வேண்டும், வானொலியிலும் தமிழ்ப் பாட்டு கூட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தெலுங்கைத் துரத்து என்று அதில் இல்லை.

துணை நின்றவர்களைப் பாருங்கள். ரசிகமணி டி.கே.சி., கல்கி, ஆர்.கே. சண்முகம் செட்டியார், ராஜாஜி. 1937-இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டு வந்து எதிர்ப்பைச் சம்பாதித்த அதே ராஜாஜிதான் இங்கே தமிழ்ப் பாட்டுப் பக்கம். அதனால் இதை வெறும் கட்சிச் சண்டையாகவோ சாதிச் சண்டையாகவோ பிரித்துவிட முடியாது, அந்த நிறமும் அதில் இருந்தது என்றாலும். பெரியாரும் ஆதரித்தார். ஆனால் தமிழில் பாடினாலும் அதே புராணமும் பக்தியும்தானா என்று கேட்டார், அது தனி விவாதம்.

அகாடமி தடை போடவில்லை. 1941 டிசம்பரில் அவர்கள் தீர்மானத்தின் சாரம் இதுதான்: கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே வித்வான்களுக்கும் ரசிகர்களுக்கும் நோக்கமாக இருக்க வேண்டும், அந்தத் தரம் தாழும்படி மொழி என்ற யோசனையை உள்ளே கொண்டு வரக்கூடாது. தமிழ் என்ற பேரே அதில் தேவைப்படவில்லை, ஆனால் நாலு மாதம் முன்பு சிதம்பரத்தில் நடந்ததற்குப் பதில் இது என்று அன்று எல்லோருக்கும் தெரியும்.

சுருதிபேதம்:
நான் இருபக்கமும் கேட்டு வளர்ந்தவன், பாட்டும் சொல்லித் தருகிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன், அகாடமி சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. தோடி ஆலாபனைக்கு மொழி ஏது? ராகமும் லயமும் கேட்கத்தான் வருகிறார்கள். தியாகராஜர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த நம்ம ஊர்க்காரர், அவர் தெலுங்கில் எழுதியது அன்னியமா? அப்புறம், அன்று தமிழில் கனமாக விரித்துப் பாடத்தக்க கிருதிகள் எத்தனை இருந்தன? பத்துச் சங்கதி வைத்து, நிரவல் செய்து, ஸ்வரம் போட்டு, தனி ஆவர்த்தனம் விட்டு முக்கால் மணி நேரம் தாங்குகிற பாட்டு? உத்தரவு போட்டு உருப்படி வராது.

ஈரோட்டான்:
தமிழில் பாட்டே இல்லையா? முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவரும் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளுக்கு முந்தியவர்கள். தேவாரம் அவர்களுக்கும் ஆயிரம் வருஷம் முந்தியது. இருந்ததை மறைத்துவிட்டு இல்லை என்பது என்ன நியாயம்?

சிதம்பரத்தான்:
இந்த இடத்தில்தான் இரண்டு பேருமே பாதி சரி. விவாதத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், இருந்தது. பாடாந்தரம், அதாவது குருவழியாக வந்த மெட்டு, பல பாட்டுக்கு இல்லை. தியாகராஜர் கிருதிகளை உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சிஷ்ய பரம்பரைகள் வாய்வழியாகக் காப்பாற்றின. தீட்சிதர் கிருதிகளை 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ஸ்வரப்படுத்தி அச்சிலேயே ஏற்றிவிட்டார். நீங்கள் சொன்ன சீர்காழி மூவர் பாட்டுகளுக்கு இந்த மாதிரி தொடர்ச்சி கிடைக்கவில்லை. பழைய புத்தகத்தைப் பிரித்தால் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் பேர் இருக்கும், அதற்குக் கீழே வெறும் வரிகள். எந்த எழுத்து எந்த ஸ்வரத்தில் நிற்கிறது, எடுப்பு எங்கே, சங்கதி எப்படி ஏறுகிறது, ஒன்றும் இருக்காது. ஒரு வித்வான் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு மேடை ஏற முடியாது.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்தில் மிதிலையில் மாடத்தில் நிற்கும் சீதையைப் பார்த்து ராமன் பாடுவது, "யாரோ இவர் யாரோ". பழைய குறிப்பில் அது சாவேரி. இன்று சபாக்களில் நாம் உருகிக் கேட்பது பைரவியில். பாட்டு 18ஆம் நூற்றாண்டு, நம் காதில் விழும் மெட்டு பிற்காலம். அந்த மெட்டு அமைந்த பிறகுதான் அது கச்சேரி உருப்படி ஆயிற்று, பைரவியின் கனம் முழுக்க அதில் இறங்கியது. ஆக "தமிழில் கனமான கிருதி இல்லை" என்று எதிர்த்தவர்கள் சொன்னதற்கு அன்றைய நிலையில் ஒரு அடிப்படை இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் மொழியில் இல்லை, மெட்டு கைமாறாமல் போனதில் இருந்தது. அதைச் சரிசெய்ய முடியும் என்று இயக்கத்தார் நம்பினார்கள், அகாடமிப் பக்கம் அந்த முயற்சியையே தரத்துக்கு ஆபத்தாகப் பார்த்தது. எனக்கு அகாடமி மேல் குறை அங்கேதான்.

ஈரோட்டான்:
கைமாறாமல் போனது தானாக நடந்ததா? நாயக்கர், மராட்டியர் அரசவையில் எந்தப் பாட்டுக்குச் சன்மானம் கிடைத்தது, எந்தப் பாட்டு ஓதுவார் வாயோடும் கதாகாலட்சேபத்தோடும் நின்றது என்பதையும் சொல்லுங்கள் ஐயா.

சிதம்பரத்தான்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆதரவு இருந்த இடத்தில் பரம்பரை நின்றது. அதே சமயம் கதாகாலட்சேபத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகள் மெட்டோடு தப்பியதற்கு அதுதான் காரணம். பாகவதர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். "வருகலாமோ" மாஞ்சியில் இன்றும் அப்படியே நிற்கிறது. சுருதிபேதம், அந்தப் பாட்டைப் பாடும்போது மொழி குறுக்கே வருகிறதா?

சுருதிபேதம்:
வரவில்லை. "வருகலாமோ" பாடிவிட்டுச் சபையைப் பார்த்தால் தெரியும், கண் கலங்காதவர் குறைவு. ஆனால் அது நல்ல பாட்டு என்பதால் நிற்கிறது, தமிழ் என்பதால் இல்லை. என் வாதமே அதுதான்.

கோவை அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பாட்டுப் போட்டிகளுக்குப் போகிறாள். போன தடவை ஒரு போட்டியில் முத்துத் தாண்டவர் பாட்டைப் பாடினாள், அவள் குரு சொல்லித் தந்த மெட்டு வேறு, நடுவர் கேட்டுப் பழகிய மெட்டு வேறு, "தப்பாகக் கற்றிருக்கிறாய்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டார். எது சரியான மெட்டு என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

சிதம்பரத்தான்:
அம்மா, மகளிடம் அவள் பாடியது தப்பில்லை என்று முதலில் சொல்லுங்கள். முத்துத் தாண்டவர் பாட்டுகள் பலவற்றுக்கு மூல மெட்டு கிடைக்காததால் 20ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு வித்வான்கள் அமைத்த மெட்டுகளே புழங்குகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1940-களில் தமிழிசைப் பாடல்கள் என்று ஸ்வரக் குறிப்போடு வரிசையாகப் புத்தகம் போட்டது, பழைய நூலகங்களில் கிடைக்கும். போட்டிக்கு முன்பே, இன்னாருடைய மெட்டு என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வெண்ணாற்றங்கரை கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. தீர்மானத்தைவிட அந்தப் புத்தகங்கள் செய்த வேலை பெரிது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்து டிசம்பரில் தனியாக விழா நடத்தியது, பிறகு 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டம், 1952-இல் ராஜா அண்ணாமலை மன்றம். பாடுவதற்கு உருப்படி, பாட மேடை இரண்டும் கிடைத்தன.

சுருதிபேதம்:
அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பேரை யாரும் எடுக்கவில்லையே. அவரை அகாடமிப் பக்கத்துக்காரர் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள், ஆனால் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டுப் போட்டவர் அவர்தான். இன்று மார்கழியில் எல்லோரும் பாடுவது அதை. உத்தரவு இல்லாமலே தமிழுக்கு வேலை நடந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிதம்பரத்தான்:
மெட்டு அமைத்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைய கச்சேரி வரிசையையும் பாருங்கள். வர்ணம், கிருதிகள், விரிவான ராகம், பல்லவி எல்லாம் முடிந்து, தனி கேட்டுவிட்டுப் பாதிப் பேர் எழுந்து போன பிறகு துக்கடா என்ற கடைசிச் சின்னப் பாட்டுகளில் ஒரு பதம், ஒரு திருப்புகழ், ஒரு விருத்தம். தமிழுக்கு இடம் அதுதான். அந்த இடத்தை மாற்று என்பதுதான் சிதம்பரத்தில் கேட்டது. இது தானாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வித்வான் குருவிடம் கற்றதைப் பாடுகிறார், ரசிகர் பழகியதைக் கேட்கிறார், சபா கூட்டம் வருவதைப் போடுகிறது, யார் முதலில் மாற்றுவது?

ஈரோட்டான்:
திருவையாற்று விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சிதம்பரத்தான்:
அது 1946 ஆராதனை, இயக்கம் தொடங்கி ஐந்து வருஷம் கழித்து. தேசிகர் சாதாரண ஆள் இல்லை, 1942-இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்து நாடே அறிந்தவர். அவர் தமிழில் பாடியதும் அதன் பேரில் எழுந்த கோபமும் பெரியாரின் குடி அரசு இதழில் வந்தன, "தீட்டாயிடுத்து" என்ற தலைப்பில் எழுதியவர் மு. கருணாநிதி. மேடையில் யார் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் நான் அதில் யார் பேரையும் போட மாட்டேன்.

சுருதிபேதம்:
ஆராதனை என்பது தியாகராஜர் சமாதியில் அவர் பாட்டைப் பாடிச் செய்கிற அஞ்சலி, அதைச் சபாக் கச்சேரியோடு சேர்க்கக்கூடாது.

ஈரோட்டான்:
அவர் பாட்டைப் பாட வேண்டும் என்று சொல்லலாம், தமிழால் இடம் கெட்டது என்று சொல்லலாமா? இரண்டும் ஒன்றா?

சுருதிபேதம்:
ஒன்றில்லை. அப்படி யார் சொல்லியிருந்தாலும் தப்பு. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வித்வானுடையது, சங்கமோ அகாடமியோ அதில் கை வைக்கக்கூடாது, இதில் நான் மாற மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டுச் சண்டையில் யார் எந்தக் கட்சி என்று இப்போது புரிகிறது. சிதம்பரத்தான் ஐயா, நந்தனார் மெட்டுகள் காலட்சேபத்தில் தப்பியது என்றீர்கள், ராம நாடகமும் ஊர் ஊராகப் பாடப்பட்டதுதானே, அதன் மெட்டுகள் மட்டும் ஏன் அப்படித் தப்பவில்லை?