10 கிலோ அண்டாவைத் தனி ஆள் இறக்க முடியுமா?

அடுப்படி அரசி: வீட்டில் 20 பேருக்கு பிரியாணி செய்கிறவருக்கு 200 பேர் ஒரு விஷயமே இல்லை. எல்லாவற்றையும் 10ஆல் பெருக்கினால் முடிந்தது. நான் 10 கிலோ அண்டாவைத் தனியாக இறக்கியவள். இடுப்பு வலி, கால் வலி எல்லாம் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு. கேட்டரிங் ஆசை இருப்பவர்கள் தைரியமாக இறங்குங்கள்.

கரண்டி மாஸ்டர்: 25 வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். படித்ததும் டீ புரையேறிவிட்டது. 10 கிலோ அண்டாவைத் தனியாக இறக்கினீர்களா? அரிசி 10 கிலோ, கறி 10 கிலோ, வெங்காயம் தக்காளி 6 கிலோ, எண்ணெய் நெய் 2 கிலோ, தண்ணீர் 15 லிட்டர். அண்டாவும் தட்டும் சேர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. எந்த மாஸ்டரும் அதை இறக்க மாட்டார். விறகை இழுத்துவிட்டு, தட்டின் மேல் கங்கைப் பரப்பி, இருந்த இடத்திலேயே தம் போடுவோம். பரிமாற வாளியில் அள்ளிப் போகும்.

அடுப்படி அரசி: இறக்கினேன் என்றால் இறக்கினேன், அண்ணே. பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்கிய அண்டா, சரியாக 10 கிலோ. பெண் தூக்கினால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

ஐடி நளபாகன்: மாஸ்டர் சொல்வதில் பாதி சரி. தண்ணீரை 10ஆல் பெருக்கக் கூடாது. வீட்டில் சீரகச் சம்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டு வைத்தால், அண்டாவில் ஒன்றரை போதும். அளவு கூடும்போது ஆவியாகப் போவது அதே விகிதத்தில் கூடாது. பெருக்கினால் பொங்கல்தான் கிடைக்கும். ஆனால் எடை ஒரு பிரச்சினையா? ஜிம்மில் போடும் இடுப்பு பெல்ட்டைக் கட்டினால் 50 கிலோவும் தூக்கலாம்.

கரண்டி மாஸ்டர்: வாங்க தம்பி. பெல்ட் கட்டினால் எடை குறைந்துவிடுமா? இடுப்பு போவது தூக்குவதால் மட்டும் இல்லை. உங்கள் வீட்டு அடுப்பு இடுப்பு உயரத்தில் இருக்கும். மண்டபத்து அடுப்பு தரையில் இருக்கும். அரிசி போட்டதிலிருந்து தண்ணீர் வற்றும்வரை குனிந்த வாக்கில் துடுப்பைப் போட்டு அடி பிடிக்காமல் தள்ள வேண்டும். 200 பேர் என்றால் இரண்டு அண்டா, ஒன்று முடிந்ததும் அடுத்தது. விடிகாலை 3 மணிக்குக் குனிந்தவன் 11 மணிக்கு நிமிரும்போதுதான் தெரியும். எனக்கு முதலில் இடது காலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. தூக்கம் பத்தாத கோளாறு என்று ஆறு மாதம் விட்டேன். பெருவிரல் மரத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். முதுகுத் தண்டில் நரம்பு நசுங்கியிருந்தது. இப்போது அடுப்பை இரண்டு வரிசைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கிறேன். மண்டபக்காரர்கள் முறைக்கிறார்கள், முறைக்கட்டும். சரி, அரசி அம்மா, அந்த 10 கிலோ அண்டா விஷயத்துக்கு வாருங்கள்.

மைதா மகன்: என் அப்பா 30 வருடம் பரோட்டா மாஸ்டர். அண்டா தூக்குகிறவர்கள் நாலு எட்டு நடக்கவாவது செய்கிறீர்கள். அவர் கல்லுக்கு முன்னால் ஒரே இடத்தில் மாலை 4 முதல் இரவு 12 வரை நிற்பார். 10 கிலோ மைதா என்றால் கிட்டத்தட்ட 200 பரோட்டா, ஒவ்வொன்றையும் வீச வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி, கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, புண்ணாகி ஆறவே இல்லை. அடிக்கடி சிறுநீர் போக முடியாது என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். அப்புறம் சிறுநீரகக் கல் வேறு.

கரண்டி மாஸ்டர்: உங்கள் அப்பாவை மதிக்கிறேன். ஆனால் பரோட்டாவில் கை போகும், கால் போகும். இடுப்பு போவது எங்களுக்குத்தான்.

மைதா மகன்: இதிலும் போட்டியா, மாஸ்டர்?

மதுரை வாசகி: எனக்கும் இடுப்பு வலி இருக்கிறது. 10 கிலோ அண்டா எந்தக் கடையில் கிடைக்கும்? வளைகாப்புக்கு 40 பேர்தான்.

ஐடி நளபாகன்: ஒரு நிமிடம். அரசி அக்கா சொல்வது அண்டாவின் எடை. மாஸ்டர் சொல்வது அதில் வேகும் அரிசியின் அளவு. இரண்டும் வேறு இல்லையா?

கரண்டி மாஸ்டர்: தம்பி, தொழிலில் 10 கிலோ அண்டா என்றால் 10 கிலோ அரிசி வேகும் அண்டா. பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். பெல்ட் கட்டிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

அடுப்படி அரசி: என் வீட்டு அண்டா எத்தனை கிலோ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு 60 பேருக்கு ஆர்டர் இருக்கிறது. தனியாகத்தான் இறக்குவேன், வீடியோவும் போடுவேன்.

கரண்டி மாஸ்டர்: 60 பேருக்கு 6 கிலோ அரிசி. அப்போதும் அது 10 கிலோ அண்டா ஆகாது. அடுப்பு தரையிலா, மேடையிலா? அதைச் சொல்லவே இல்லையே.

மதுரை வாசகி: வாடகைக்குக் கிடைக்குமா?