ஹாஸ்டல் வைஃபையில் ஸ்விட்ச் இணையவில்லை, உதவி தேவை

பாலக்காடு பக்கம், வாளையார் தாண்டி ஒரு கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறேன். என் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி இரண்டு வாரமாக வைஃபையில் ஏறவில்லை. லாகின் பக்கம் வருகிறது. ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டு அழுத்தினால் வெள்ளைத் திரைதான். போன், லேப்டாப்பில் அதே லாகின் சரியாக வேலை செய்கிறது.

நண்பன் சொன்னான் என்று DNS-ஐ 8.8.8.8 ஆக்கினேன், அந்தப் பக்கமே வராமல் போனது. திரும்ப ஆட்டோமேட்டிக்கில் வைத்துவிட்டேன். அப்புறம் ஸ்விட்சின் MAC முகவரியை லேப்டாப்புக்குக் கொடுத்து அதில் லாகின் செய்யப் பார்த்தேன். விண்டோஸில் வைஃபைக்கு இரண்டாவது எழுத்து 2, 6, A, E-யில் ஒன்றாக இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏற்காதாம்; என்னுடையது 8. லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டில் ஸ்விட்ச் ஓடுகிறது, ஆனால் லேப்டாப் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். வார்டனிடம் MAC-ஐப் பதிந்து தரச் சொன்னேன். "நோக்காம்" என்றார், பத்து நாள் ஆகிறது.

இனி டிராவல் ரவுட்டர்தான். அது ஹாஸ்டல் வைஃபையை வாங்கி, போனில் ஒருமுறை லாகின் செய்தால் ரவுட்டரின் MAC-க்கே அனுமதி கிடைக்கும், ஸ்விட்ச் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்கிறார்கள். இங்கே லாகின் எட்டு மணி நேரத்தில் காலாவதியாகும். இப்படிப்பட்ட இடத்தில் டிராவல் ரவுட்டர் பயன்படுத்தியவர்கள் யாராவது, எந்த மாடல், மறுபடி லாகின் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?