மாமாவோட கவிதைய பாட்டாக்குறோம், எந்த வரிய வெட்டுறது?

முதுநகர்_பையன்: தானே புயல் பத்தி எங்க மாமா எழுதின கவிதை, மொத்தம் 24 வரி. எங்க தெருக்கூட்டத்துல பாட்டா பாடணும், ஆதி தாளம். முக்கியமான இடம் இது:

ஒரே ராத்திரியில் பலா விழுந்தது
வேரில் இன்னும் ஈரம் இருந்தது
அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார்
எதுவும் சொல்லவில்லை

ரெண்டாவது வரிய பல்லவியா வெச்சா கடைசில இடிக்குது. வரிய மாத்தலாமா?

கெடிலக்கரை: தொடாதீங்க தம்பி. 2011 டிசம்பர் 30 காலைல பண்ருட்டி பக்கம் எங்க தோப்புல முந்திரி பலா எல்லாம் படுத்துக் கிடந்தத பாத்தவன் நான். அந்த வரி அப்படியே இருக்கணும். பாரதி பாட்டுல கை வைக்கிறோமா என்ன?

ரெயின்போநகர்_மிருதங்கம்: வைக்கிறோமேண்ணா. சின்னஞ்சிறு கிளியேவுக்கு அவரே பைரவி, ரூபகம்னு குறிச்சிருக்காரு. கச்சேரியில காபில எடுத்து ராகமாலிகையா பாடறோம், பத்து கண்ணியையும் பாடறவங்களும் அபூர்வம்.

தவளக்குப்பம்_மெட்டு: சிம்பிள் ப்ரோ, "இருந்தது"ல து வருது, அத இழுக்க முடியாது, அதான் இடிக்குது. "இருக்கு"ன்னு மாத்து, கச்சிதமா உக்காரும்.

ரெயின்போநகர்_மிருதங்கம்: பாதி சரி. உக்காரும், ஆனா இழுக்க முடியாதுங்கிறது "இருக்கு"வுக்கும் அதேதான், குவும் அதே உகரம்தானே. இடிக்கிறது வேற காரணம். கைல தட்டி எண்ணிப் பாருங்க, குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, குறிலுக்குப் பின்னாடி புள்ளி எழுத்து வந்தா அதுவும் ரெண்டு. வேரில் நாலு, இன்னும் நாலு, ஈரம் நாலு, இருந்தது மட்டும் அஞ்சு. ஒரு சுத்துல எட்டு அடி, அடிக்கு ரெண்டுன்னா பதினாறு, உங்க வரி பதினேழு, அந்த ஒண்ணுதான் அடுத்த சமத்து மேல போய் விழுது. இப்ப மாமா எழுதினத மாத்தாம சேத்து மட்டும் பாடுங்க, ஈரமிருந்தது. ஈ ரெண்டு, ர ஒண்ணு, மி ஒண்ணு, நாலாச்சு. ருந் ரெண்டு, த ஒண்ணு, து ஒண்ணு, அதுவும் நாலு. பதினாறு! ஆனா ஒண்ணு, மிக்கும் ருந்துக்கும் நடுவுல மூச்சு வாங்கினா அர்த்தம் போச்சு, "இன்னும்" முடிஞ்ச இடத்துலயே வாங்கிடணும்.

முதுநகர்_பையன்: ஐயோ ஆமாண்ணா, இப்பதான் தட்டிப் பாத்தேன், உக்காருது. அப்ப திரும்பப் பாடறப்ப எத இழுக்கிறது?

ரெயின்போநகர்_மிருதங்கம்: முதல் சுத்து வரி முழுசும் நேரா. அடுத்த சுத்துல "ஈரமிருந்தது" மட்டும், ஈய அஞ்சு அடிக்கு இழுத்து மிச்சத்த மூணு அடியில முடிங்க.

தவளக்குப்பம்_மெட்டு: அஞ்சு அடி ஈஈஈன்னா பலாச்சுளைல ஈ மொய்க்கிற மாதிரி இருக்காது? 😂

ரெயின்போநகர்_மிருதங்கம்: அதுக்குத்தான் முதல்ல நேரா பாடச் சொன்னேன், வார்த்தை காதுல விழுந்தப்புறம் இழுத்தா யாருக்கும் பூச்சி ஞாபகம் வராது. எடுத்த எடுப்புலயே இழுத்தா நீங்க சொல்றதுதான் நடக்கும்.

வம்பாகீரப்பாளையம்_அக்கா: இத படிச்சதும் எங்க கதை ஞாபகம் வந்துடுச்சு. மீனவர் நாளுக்கு நான் ஒரு பாட்டு எழுதினேன், "கடலை நம்பிக் கண் விழிச்சோம்"னு தொடக்கம். மெட்டுப் போட்ட பையன் எடுப்பா இருக்கட்டும்னு முதல் வார்த்தைய மூணு தடவ விட்டான், "கடலை... கடலை... கடலை..."ன்னு. முன் வரிசைல ஒரு பொடியன் "எனக்கு ஒரு பொட்டலம்"னு கத்தினான் பாருங்க, மேடைல நின்ன எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதனால சொல்றேன் தம்பி, திரும்பத் திரும்பப் பாடப்போற துண்ட தனியா வாயில சொல்லிப் பாரு, தனியா நின்னாலும் அதே அர்த்தம் வருதான்னு. ஈரமிருந்தது தேறிடும்.

முதுநகர்_பையன்: 😂 சரிக்கா. இன்னொண்ணு, "எதுவும் சொல்லவில்லை" முடிஞ்சதும் பல்லவிக்குத் திரும்பினா சப்புன்னு ஆகுது.

ரெயின்போநகர்_மிருதங்கம்: அத வெட்டிடுங்க. "தொட்டுப் பார்த்தார்" முடிஞ்சதும் நாலு அடி வெறும் தாளம் விட்டு "வேரில் இன்னும்" எடுங்க. அவர் கைக்குத் தட்டுப்பட்டது அந்த ஈரம்தானே, அதுவே பேசிடும்.

கெடிலக்கரை: அந்த வரிதான்யா கவிதையே! எங்கப்பா தோப்புக்குள்ள அப்படித்தான் நின்னாரு. இருந்தத இருந்ததாவே விட்டதுக்கு சரின்னேன், இதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

தவளக்குப்பம்_மெட்டு: பாடாம பேச்சா சொல்லிட்டா? தாளம் நிறுத்திட்டு ஒருத்தர் மட்டும்.

ரெயின்போநகர்_மிருதங்கம்: நாடகத்தனமா போயிடும், அதோட தாளத்த நிறுத்தினா திரும்ப எல்லாரும் ஒண்ணா எடுக்கிறது கூட்டத்துல கஷ்டம். எனக்குப் பிடிக்கல.

கெடிலக்கரை: எனக்குப் பிடிச்சிருக்கு.

முதுநகர்_பையன்: மாமாகிட்ட போன்ல ரெண்டையும் பாடிக் காட்டினேன். ஈரமிருந்ததுக்கு "நல்லா இருக்குடா"ன்னாரு. கடைசி வரிய வெட்டவான்னு கேட்டேன், லைன்ல சத்தமே இல்ல. ஞாயித்துக்கிழமை நேர்ல போறேன்.