லிங்க்கைத் தொடவே இல்லை, ஆனால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வருகிறது

கட்டிங் டேபிள், திருப்பூர்

போன மாதம் ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இது. ஓர் ஏற்றுமதி கம்பெனிக்கு ஆர்டர் நிலவரம் பார்க்கிற போர்ட்டல் செய்து கொடுத்திருந்தேன். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், பவர் டேபிள் என்று ஜாப் ஒர்க் எடுக்கிற 60 யூனிட்டுகள் ஒரு பக்கம். ஐரோப்பாவில் இருக்கிற பையர் ஆபீஸ் இன்னொரு பக்கம். பழைய போர்ட்டலின் பாஸ்வேர்டை செக்கிங் செக்ஷன் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பாஸ்வேர்டே வேண்டாம், மெயில் ஐடியைக் கொடுத்தால், அழுத்தியதும் உள்ளே விடுகிற மேஜிக் லிங்க் வரட்டும் என்று முடிவு செய்தேன். 15 நிமிடம் உயிரோடு இருக்கும், ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும்.

யூனிட்காரர்கள் எல்லாரும் ஜிமெயில். ஒரு புகாரும் இல்லை. பையர் ஆபீஸிலிருந்து மட்டும், யார் அழுத்தினாலும் "இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வருகிறது. மெர்ச்சண்டைசர் எனக்கு போன் போட்டு, "ஏனுங்க, அவங்க இப்பத்தான் முதல் தடவையா அழுத்தறாங்களாமுங்க, உங்க சிஸ்டம் பொய் சொல்லுதுங்களா?" என்று கேட்டார்.

முதலில் டைம் ஜோன் குழப்பம் என்று நினைத்து, ஆயுளை 24 மணி நேரமாக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் லாக்கைத் திறந்தேன்:

```
14:10:21  mail accepted by remote server
14:10:26  GET /login?t=Qx7...  302
14:12:40  GET /login?t=Qx7...  410
```

மெயில் போய்ச் சேர்ந்த 5 நொடியில் யாரோ லிங்க்கைத் திறந்திருக்கிறார்கள். அந்த முகவரி பையர் ஊர் இணைய இணைப்பில் இல்லை, ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. பிரவுசர் பெயர் சாதாரண குரோம் என்றுதான் சொல்கிறது. அவர்களுடைய மெயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பாதுகாப்பு வடிகட்டி, உள்ளே வருகிற லிங்க்கெல்லாம் ஆபத்தானதா என்று தானே திறந்து பார்த்துவிட்டு அனுப்புகிறது. லிங்க்கில் இருந்த என் டோக்கனை அது செலவழித்துவிட்டது. மனுஷன் வந்து அழுத்தும்போது காலி உறை.

இதே மாதிரி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

மஞ்சள் மண்டி, ஈரோடு

எனக்கும் லிங்க் பிரச்சினைதான், ஆனால் வேற. ஒரு சாஃப்ட்வேரில் லாகின் பண்ண மெயில் ஐடி கொடுத்தால் எனக்கு எதுவும் வரவே வராது. கடை ஆரம்பித்தபோது மெயில் ஐடி திறந்து கொடுத்தது ஆடிட்டர் ஆபீஸ். பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கிறது. நான் லாகின் பண்ண வேண்டும் என்றால் அங்கே வேலை செய்கிற பையனுக்கு போன் செய்து, "தம்பி, ஒரு லிங்க் வந்திருக்கும், வாட்ஸ்அப்பில் போட்டு விடு" என்பேன். அவன் டீ குடித்துவிட்டு வந்து போடுவதற்குள் டைம் முடிந்துவிடும். நீங்கள் 24 மணி நேரம் வைத்தது நல்லதுதானே, ஏன் மாற்ற வேண்டும்?

பீளமேடு பிட், கோவை

அண்ணா, 24 மணி நேரம் வைத்தால் அந்த லிங்க் உங்கள் வாட்ஸ்அப்பிலும், தம்பி போனிலும், ஆடிட்டர் மெயிலிலும் நாள் முழுக்கத் திறந்த சாவியாகக் கிடக்கும்.

என் கருத்து: 5 நிமிடம் போதும், குறைய குறையப் பாதுகாப்பு. வடிகட்டிப் பிரச்சினைக்கு நான் என் ஆப்பில் வேறு வழி செய்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் மெயில் ஐடி கொடுத்தால் அந்தப் பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். மெயிலை எந்தப் போனில் திறந்து லிங்க்கை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் தானாக உள்ளே போய்விடும். வடிகட்டி அழுத்தினாலும் பரவாயில்லை, உள்ளே போவது காத்திருக்கிற கம்ப்யூட்டர்தானே! யாருக்கும் "பயன்படுத்தப்பட்டது" என்று வராது.

வீவிங் ஷெட், கரூர்

5 நிமிடத்தில் நாங்கள் சூடுபட்டிருக்கிறோம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கிறார், அதில் `postgrey` ஓடுகிறது. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் முதல் மெயிலை அது "அப்புறம் வா" என்று திருப்பிவிடும், இயல்பு அமைப்பில் 300 நொடிக்கு. நம் சர்வர் திரும்பப் போய்க் கதவைத் தட்டும்போது ஆறு, ஏழு நிமிடம் ஆகியிருக்கும். லிங்க் பிறந்து 5 நிமிடத்தில் செத்தது, மெயில் போய்ச் சேர்ந்ததோ ஏழாவது நிமிடத்தில்.

இதில் வேடிக்கை, நாலாவது நிமிடத்தில் பொறுமை இழந்து "மறுபடி அனுப்பு" அழுத்துவார்கள். புதிய லிங்க் போட்டதும் பழையதை ரத்து செய்கிற மாதிரி எழுதியிருந்தோம். அதனால் முதலில் வந்து சேர்கிற மெயில் எப்போதும் செத்ததாகவே இருக்கும். ஒரு தடவை மெயில் உள்ளே போய்விட்டால் அந்த சர்வர் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் எல்லாம் நன்றாக வேலை செய்யும். புதிதாகச் சேருகிறவருக்கு மட்டும் கோளாறு என்றால் இதைச் சந்தேகப்படலாம். கட்டிங் டேபிள் சொன்னது ஒரே கம்பெனி முழுக்க, எப்போதும். இரண்டும் வேறு வேறு நோய்.

இப்போது 15 நிமிடம். கடைசி மூன்று லிங்க்குகளும் செல்லும், ஒன்றைப் பயன்படுத்தியதும் மற்றவை ரத்து.

கோபி வாய்க்கால், கோபிசெட்டிபாளையம்

பீளமேடு தம்பி, உங்கள் ஆப் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். மிரட்டவில்லை. நடப்பதை ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

என்னிடம் கட்டிங் டேபிளுடைய பையரின் மெயில் ஐடி இருக்கிறது, அவர் விசிட்டிங் கார்டிலேயே உண்டு. என் கம்ப்யூட்டரில் உங்கள் ஆப்பைத் திறந்து அந்த ஐடியைக் கொடுக்கிறேன். என் திரை காத்திருக்கிறது. மெயில் அவருக்குப் போகிறது. அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். 5 நொடியில் அவருடைய வடிகட்டி லிங்க்கைத் திறக்கிறது. உங்கள் சர்வர், சரி, சம்மதம் வந்துவிட்டது என்று காத்திருக்கிற திரையை உள்ளே விடுகிறது. காத்திருப்பது நான். ஆயுள் 5 நிமிடம் என்பதால் ஒரு பயனும் இல்லை, எனக்கு 5 நொடியே போதும். திருடனுக்கு நீங்கள் கதவு திறக்கவில்லை, பையர் வைத்த காவல்காரனே திறந்துவிட்டான்.

மேஜிக் லிங்க்கில் நாம் சொல்லாமலே நம்புகிற விஷயம் இதுதான்: லிங்க்கைத் திறந்தவர் மெயிலுக்குச் சொந்தக்காரர், லாகின் கேட்டவரும் அவரேதான் என்று. கேட்டவர், மெயிலைப் பெற்றவர், அழுத்தியவர் மூன்று பேரும் வேறாக இருக்கலாம். மண்டி அண்ணன் கதையில் கேட்டவர் ஒருவர், மெயிலைப் பெற்றவர் இன்னொருவர், கவனித்தீர்களா?

நான் செய்வது இப்படி. லிங்க்கைத் திறந்தால் எதுவும் நடக்காது, "உள்ளே போ" என்று ஒரு பொத்தான் மட்டும் தெரியும். பொத்தானை அழுத்தி `POST` வந்தால்தான் டோக்கன் செலவாகும். பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் தானே அழுத்துகிற மாதிரி எழுதாதீர்கள், சில வடிகட்டிகள் ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும். அப்புறம், லாகின் கேட்ட பிரவுசரில் ஒரு குக்கீ வைக்கிறேன். பொத்தான் அழுத்தும்போது அதே குக்கீ இருந்தால் மட்டும் உள்ளே விடுவேன். வேறு பிரவுசர் என்றால் டோக்கனைச் செலவழிக்காமல், "நீங்கள் தொடங்கிய திரையில் மெயிலில் உள்ள 6 இலக்க எண்ணை அடியுங்கள்" என்று சொல்லிவிடுவேன். அந்த எண்ணும் கேட்ட பிரவுசரில்தான் செல்லும், 5 தடவை தப்பானால் ரத்து. டேட்டாபேஸில் டோக்கனை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்து வைக்கிறேன். செலவழிப்பது ஒரே வரியில்:

```sql
UPDATE login_tokens SET used_at = now()
WHERE token_hash = $1 AND used_at IS NULL
  AND expires_at > now()
RETURNING user_id;
```

முதலில் படித்துப் பார்த்து அப்புறம் எழுதினால், பொத்தானை இரண்டு தடவை தட்டுகிறவருக்கு இரண்டு லாகின் திறந்துவிடும்.

பீளமேடு பிட், கோவை

அடக் கடவுளே. நான் டெஸ்ட் செய்தது முழுக்க ஜிமெயிலில். லாக்கைப் பார்த்தேன், மெயில் போன 3 நொடியில் சம்மதம் கொடுத்த கணக்குகள் ஏழு இருக்கின்றன. எல்லாம் உண்மையான ஆட்கள்தானா என்று எப்படித் தெரியும்?

கோபி வாய்க்கால், கோபிசெட்டிபாளையம்

சம்மதம் வந்த முகவரியை விடுங்கள், காத்திருந்த திரையின் முகவரியைப் பாருங்கள். அந்த ஆள் வழக்கமாக வருகிற இடமா என்று ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஏழு பேரின் செஷனையும் முடித்துவிட்டுத் திரும்ப லாகின் செய்யச் சொல்லுங்கள், திருத்தியதற்கு அப்புறம்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

15 நிமிடம் என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை லாகின் பண்ண வேண்டுமா? ஏலம் நடக்கும்போது அதெல்லாம் ஆகாதுங்க.

வீவிங் ஷெட், கரூர்

இல்லீங்க அண்ணா. லிங்க்கின் ஆயுள் வேறு, உள்ளே போன பிறகு இருக்கிற நேரம் வேறு. லிங்க் பஸ் டிக்கெட் வாங்குகிற வரிசை மாதிரி, ஏறிவிட்டால் இறங்குகிற வரைக்கும் உட்காரலாம். எங்களுடையதில் உள்ளே போனால் 12 மணி நேரம், காலை ஷிப்டில் ஒரு தடவை போதும். பணம் சம்பந்தப்பட்ட பக்கத்துக்கு மட்டும் திரும்பக் கேட்கும்.

கட்டிங் டேபிள், திருப்பூர்

கோபி அண்ணன் சொன்னபடி பொத்தான் பக்கம் வைத்தேன். 15 நிமிடத்துக்கே திரும்பிவிட்டேன். பையர் ஆபீஸ் புகார் அன்றோடு நின்றது. லாக்கில் வடிகட்டி இன்னும் வந்து போகிறது, வெறும் `200` வாங்கிக்கொண்டு.

குக்கீ கட்டுப்பாடு போட்டபோது ஒரு கலாட்டா. போனில் லாகின் கேட்டுவிட்டு மெயில் ஆப்பிலேயே லிங்க்கைத் திறந்தால், அது தனக்குள்ளே ஒரு சின்ன பிரவுசரைத் திறக்கிறது. அங்கே நம் குக்கீ இல்லை. பவர் டேபிள்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் 6 இலக்க எண்ணை அடித்துப் பழகிவிட்டார்கள், லிங்க்கை யாரும் சீண்டுவதே இல்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மெயில் ஐடி ஒன்றுதான், அதை ஐந்து பேர் பார்க்கிறார்கள். போன தீபாவளிக்கு முன் வேலையை விட்டுப் போனவர் போனிலும் அந்த மெயில் இன்னும் வருகிறது என்று நேற்றுச் சொன்னார்கள். நான் எத்தனை நிமிடம் வைத்தாலும் அவருக்கும் அந்த எண் அதே நொடியில் போகும். ஆளுக்கு ஒரு ஐடி கொடுங்கள் என்றால் முதலாளி, "எல்லாரும் ஒரே மேசையில உட்கார்ந்திருக்காங்க, எதுக்குங்க அஞ்சு?" என்கிறார்.

கோபி வாய்க்கால், கோபிசெட்டிபாளையம்

அதற்குக் கோடில் வைத்தியம் கிடையாது. முதலில் அந்த மெயிலின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், எல்லாப் போனிலிருந்தும் வெளியேற்றுகிற வசதியையும் அழுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு தன் 800-63B வழிகாட்டியில், இப்படித் தனி வழியில் ரகசிய எண் அனுப்பி ஆளை உறுதிசெய்ய மெயிலைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. மெயில் பெட்டி எந்த ஆள் கையில், எந்தக் கருவியில் இருக்கிறது என்று மெயிலை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்டர் நிலவரம் பார்க்க மட்டும் என்றால் நான் விட்டுவிடுவேன். ரேட் மாற்றுகிற பக்கம் அதில் இருக்கிறதா?

கட்டிங் டேபிள், திருப்பூர்

இருக்கிறது. திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கப் போகிறேன்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

ஆடிட்டர் தம்பியிடம் என் மெயில் பாஸ்வேர்டு கேட்டேன். அவனுக்கு முன்னால் இருந்த தம்பிக்குத்தான் தெரியுமாம்.