கடைசியில் அந்த நாய்க்கு என்ன ஆகிறது?

மல்லிகா: சின்னவனுக்கு ஆறு வயது, மூத்தவளுக்குப் பத்து. போஸ்டரில் ஒரு பையனும் நாயும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று நம்பி ஒரு படத்தைப் போட்டேன். கடைசியில் நாய் செத்துப்போனது, சின்னவன் அன்று இரவு தூங்கவே இல்லை. விலங்குக்கு என்ன ஆகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? தணிக்கைச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா?

கதிர்: போதும். அதற்காகத்தானே சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்கப் படமென்றால் 'ஜி' போட்டிருப்பதை மட்டும் எடுங்கள், 'பிஜி' என்றால் பெரியவர்கள் கூட உட்காருங்கள். சின்னக் குழந்தை பார்க்கக்கூடாதது இருந்தால் தணிக்கைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

பழைய ரீல்: கதிர், பாதி சரி. சான்றிதழ் கொடுப்பவர்கள் அடிதடி, கெட்ட வார்த்தை, காதல் காட்சி இதையெல்லாம் கவனமாகத்தான் பார்க்கிறார்கள், ஆனால் ஒரு குழந்தை ஒன்றரை மணி நேரம் நேசித்த விலங்கைக் கடைசியில் இழப்பது அந்தக் கணக்கில் தனியாக வருவதில்லை. 'மார்லி அண்ட் மீ' (2008) படத்துக்கு 'பிஜி' கொடுத்தார்கள். காரணமாக எழுதியது கனமான கருப்பொருள், கொஞ்சம் பாலியல் சாடை, மொழி, அவ்வளவுதான். நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டு ஊசி போட்டு முடிக்கிறார்கள் என்பதை அந்த வரியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 'ஓல்ட் எல்லர்' (1957) நீங்கள் நம்பச் சொல்கிற அதே 'ஜி'. அதில் பையனே தன் நாயைச் சுடுகிறான்.

மல்லிகா, doesthedogdie.com என்று ஒரு தளம் இருக்கிறது. படத்தின் பெயரைப் போட்டால் நாய் சாகுமா, வேறு விலங்கு சாகுமா, விலங்கைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று தனித்தனிக் கேள்விகள் வரும், பார்த்தவர்கள் ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டிருப்பார்கள். ஓட்டோடு நிறுத்திவிடாமல் கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள், எப்படிச் சாகிறது என்பது அங்கேதான் இருக்கும்.

தேவி: எனக்கு இந்த முழு யோசனையே பிடிக்கவில்லை. சாவே வராத படமாகப் பொறுக்கிப் பொறுக்கிக் காட்டி வளர்த்தால், வீட்டில் வளர்க்கிற பிராணி செத்தால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? எங்கள் முயல் செத்த மாதம் என் மகளுக்கு 'ஷார்லட்ஸ் வெப்' பழைய கார்ட்டூன் போட்டேன், அந்தச் சிலந்தி சாகிறது என்று தெரிந்தேதான் போட்டேன். அழுதாள், அப்புறம் முயலைப் பற்றி அன்றுதான் முதல்முறை வாய் திறந்து பேசினாள். அழுவது கெடுதல் இல்லை.

பழைய ரீல்: தேவி, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்தது சரியான தேர்வு என்றுதான் நானும் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சிலந்தி தன் ஆயுள் முடிந்து சாகிறது, முட்டைப் பையை விட்டுப் போகிறது, யாரும் அதைக் கொல்லவில்லை. குழந்தைகளுக்குப் படம் தேர்ந்தெடுத்துப் போடுவதைப் பல வருடமாகச் செய்கிறேன், சாகிறதா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அந்தச் சாவு யார் கையால் வருகிறது என்பது.

'ஓல்ட் எல்லர்' எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா மாடு ஓட்டிக்கொண்டு தூரம் போயிருக்கிறார், வீட்டுப் பொறுப்பு மூத்த மகன் டிராவிஸ் தலையில். நாய் தம்பியைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறது. அப்புறம் வெறிபிடித்த ஓநாயோடு குடும்பத்துக்காகச் சண்டை போட்டுக் கடிபடுகிறது. உடனே சுட்டுவிடவில்லை, அடைத்துவைத்து அறிகுறி வருகிறதா என்று காத்திருக்கிறார்கள், ஒருநாள் அது உறுமுகிறது. அம்மா தானே சுடுகிறேன் என்கிறாள், டிராவிஸ் தன் நாய் என்று துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறான். பத்து வயதுக்குழந்தைக்கு இதில் ஒரு நியாயம் புரியும், ஏனென்றால் நோய் என்ன செய்யும் என்று படம் முன்னாலேயே பசுவை வைத்துக் காட்டிவிட்டது. ஆறு வயதுக்கு அந்த நியாயம் எட்டாது. நம்மைக் காப்பாற்றிய நாயை நாமே சுட்டோம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

'தி இயர்லிங்' (1946) இன்னும் கடினம். அப்பாவைப் பாம்பு கடிக்கிறது, விஷத்தை இழுக்க ஒரு பெண் மானைச் சுட்டு அதன் ஈரலை வைக்கிறார். அப்படித் தாயை இழந்த குட்டியைத்தான் பையன் எடுத்து வளர்க்கிறான், ஆக அந்த நட்பே ஒரு சாவிலிருந்து தொடங்குகிறது. குட்டி வளர்ந்து பயிரைத் தின்கிறது. வேலி போட்டுப் பார்க்கிறான், தாண்டிவிடுகிறது. அப்பா சுடச் சொல்கிறார், பையன் காட்டில் விரட்டிவிட்டு வருகிறான், அது திரும்பி வந்துவிடுகிறது. அம்மா சுடுகிறாள், குறி தப்பிக் காயம்தான் படுகிறது, மிச்சத்தைப் பையன் முடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நோயும் இல்லை, மானின் மேல் தப்பும் இல்லை, பசிதான் காரணம். மிக நல்ல படம், ஆனாலும் உங்கள் சின்னவனுக்கு இப்போது வேண்டாம்.

அருண்: எல்லோரும் கதையையே பேசுகிறீர்கள். கடைசியில் 'எந்த விலங்குக்கும் தீங்கு செய்யவில்லை' என்று வருகிறதா என்று பாருங்கள், அது இருந்தால் கவலை இல்லை. 'ஃப்ரீ வில்லி'யில் (1993) நடித்த திமிங்கலத்தைப் பற்றி யாராவது படித்திருக்கிறீர்களா? கெய்கோ. படத்தில் துள்ளிக் கடலுக்குப் போய்விடுகிறது, நிஜத்தில் அது தொட்டியில்தான் இருந்தது. 2002இல் கடலில் விட்டார்கள், நார்வேப் பக்கம் போய் 2003 டிசம்பரில் செத்தது.

மல்லிகா: அருண், அது வருத்தமான விஷயம்தான், ஆனால் நான் கேட்டது திரையில் என் பையன் பார்க்கப்போவதைப் பற்றி. படப்பிடிப்பில் நாய் பத்திரமாக இருந்தாலும் கதையில் சாகிறதே.

பழைய ரீல்: ஆமாம், அந்த வாசகம் படப்பிடிப்பை மட்டும்தான் சொல்கிறது. ஆனால் பத்து வயதுக்காரி படம் முடிந்ததும் "வில்லி இப்போ எங்கே?" என்று தேடுவாள், அதற்குப் பதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அருண் சொன்னது அங்கே உதவும்.

கதிர்: சரி, அப்படியானால் விலங்கு பிழைக்கிற படத்தை எடுத்தால் சிக்கலே இல்லையே?

பழைய ரீல்: அங்கேயும் பாருங்கள். 'ஃப்ளை அவே ஹோம்' (1996) முழுக்க ஒரு சிறுமி வாத்துக்குஞ்சுகளை வளர்த்துப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிற கதை, முடிவு சந்தோஷம். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே கார் விபத்தில் அம்மா இறந்துவிடுகிறாள். விலங்கை மட்டும் தேடிப் பார்த்தவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஆறு வயதுக்கு நான் முதலில் சொல்வது 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி' (2005). இடிமழையில் நாய் காணாமல்போகிறது, திரும்பக் கிடைத்துவிடுகிறது. தேடுகிற அந்தக் காட்சிக்கு மட்டும் பக்கத்தில் இருங்கள், நாய் கிடைத்துவிடும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டாலும் தப்பில்லை.

எந்தப் படமானாலும் கடைசிக் கால்பகுதியை நீங்கள் மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். இழப்பு வந்தால், அதற்கப்புறம் படம் எவ்வளவு நேரம் ஓடுகிறது, யாராவது அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

தேவி: 'ஓல்ட் எல்லரி'ல் பேசுகிறார்களே. அப்பா திரும்பி வந்து மகனோடு பேசுகிறார், அந்த நாயின் குட்டியும் வருகிறது.

பழைய ரீல்: பேச்சு நன்றாக இருக்கும். குட்டிதான் எனக்கு உறுத்துகிறது. ஒன்று போனால் இன்னொன்று என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

தேவி: என் மகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. டிராவிஸ் முதலில் அந்தக் குட்டியைத் தொடவே மறுக்கிறான், அதைத்தான் அவள் கவனித்தாள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நிதானமாகப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன்.

மல்லிகா: சின்னவனுக்கு வின்-டிக்ஸி. மூத்தவளோடு 'ஓல்ட் எல்லர்' தனியாகப் பார்க்கிறேன், நாய் சாகும் என்று சொல்லிவிட்டே தொடங்கப்போகிறேன்.

தேவி: சொல்லாதீர்கள்!

பழைய ரீல்: சொல்லுங்கள். யார் சுடுகிறார்கள் என்பதை மட்டும் அவளே பார்க்கட்டும்.