மிஸ்டு காலுக்குத் திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை, காசு மட்டும் போய்விட்டது. உதவி!

செண்பகம்
அவசரம். ராத்திரி ஒரு மிஸ்டு கால். 222 என்று ஆரம்பிக்கும் எண். ஒரே ஒரு ரிங்தான், எடுப்பதற்குள் நின்றுவிட்டது. காலையில் திரும்பக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை, வைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் கணக்கில் இருந்த காசு சுத்தமாகக் காலி. எடுக்காத காலுக்கு எப்படிக் காசு போகும்? போனை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? சிம்மை மாற்றட்டுமா?

முகில்
222-க்கு முன்னால் கூட்டல் குறி இருந்ததா? ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா? எவ்வளவு நேரம் காதில் வைத்திருந்தீர்கள்? இதைச் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

மூத்தவன்47
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. சரி, கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணே போலி. யாரோ ஒரு அப்பாவியின் எண்ணைத் திரையில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மைனா
எனக்கும் இப்படித்தான், தினமும் வாட்ஸப்பில் ஏதேதோ நாட்டு எண்களிலிருந்து கால் வருகிறது. ஒன்றுக்குத் திரும்பக் கூப்பிட்டும் பார்த்தேன். காசு போகவில்லையே?

முகில்
மைனா, வாட்ஸப் கால் டேட்டாவில் போவது. அதற்கு நிமிடக் கட்டணம் கிடையாது. அங்கே உங்களைப் பேச்சில் இழுத்து வேறு வழியில் பணம் பிடுங்கப் பார்ப்பார்கள். அது வேறு கதை. செண்பகம் சொல்வது சாதாரண கால் என்று நினைக்கிறேன்.

செண்பகம்
ஆமாம், சாதாரண கால்தான். ப்ரீபெய்டு. கூட்டல் குறி இருந்தது, இப்போதுதான் கவனித்தேன். நேரம் தெரியாது, ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். ஆனால் யாரும் எடுக்கவில்லை என்கிறேனே!

கம்பியாள்
சர்வதேச அழைப்புகளின் கணக்குப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன். ஒரு உதவி செய்யுங்கள் அம்மா. போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, நீங்கள் திரும்பக் கூப்பிட்ட அந்த வரியைத் தொடுங்கள். நேரம் என்ன காட்டுகிறது? 0 வினாடியா, வேறு ஏதாவதா?

செண்பகம்
1 நிமிடம் 52 வினாடி!! இது எப்படி?

கம்பியாள்
அதுதான் விஷயம். நிஜமாகவே மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் பெரும்பாலான போன்களில் ஏறாது. எதிர்ப்பக்கம் எடுத்த நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். உங்களுடையது 1:52 ஓடியிருக்கிறது என்றால் உங்கள் கால் எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தது மனிதன் இல்லை, ஒரு இயந்திரம். நீங்கள் கேட்ட ரிங் அது வாசித்த பதிவு. இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்று காத்திருக்கிறோம் அல்லவா, அந்தக் காத்திருப்பைத்தான் அவன் விற்கிறான். உங்கள் திட்டம் முழு நிமிடமாகக் கணக்குப் போட்டால் 2 நிமிடக் காசு போயிருக்கும்.

மூத்தவரே, ஒரு சின்னத் திருத்தம். வங்கி பெயரில் வரும் கால்களில் எண்ணைப் போலியாகக் காட்டுவது உண்டு, மறுக்கவில்லை. இங்கே அது உதவாது. நீங்கள் திரும்பக் கூப்பிடும் கால் அவனிடம் போய்ச் சேர்ந்தால்தானே அவனுக்கு வரும்படி? அதனால் திரையில் தெரிவது அவன் கையில் உள்ள எண்ணாகத்தான் இருக்கும்.

மூத்தவன்47
அப்படியானால் அந்த நாட்டுப் போலீஸ் ஒரு நாளில் பிடித்துவிடுமே. யோசிக்க வேண்டாமா?

கம்பியாள்
கால் அந்த நாட்டுக்குப் போனால்தானே! 222 என்பது மொரிட்டேனியா. உங்கள் நிறுவனம் காலை ஒரு இடைத்தரகு நிறுவனத்திடம் ஒப்படைக்கும், அது இன்னொன்றிடம். அங்கே போய்ச் சேரும் காலுக்கு நிமிடக் கட்டணம் அதிகம். வழியில் ஒருவன் காலைப் பாதியிலேயே தன் இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு எழுதிக்கொள்வதும் நடக்கிறது. கட்டணத்தில் ஒரு பங்கு மிஸ்டு கால் விட்டவனுக்கு. அவன் செலவு? ஒரு ரிங்கில் வைத்துவிடுவதால் பேசாத காலுக்கு அவன் யாருக்கும் காசு கட்ட வேண்டாம். ஜப்பானில் இதற்கு வான்கிரி என்று பெயர், ஒரு மணி அடித்து அறுப்பது.

பூவரசு
என்னைக் கேட்டால் +1 தவிர எதையும் தொடாதீர்கள். +1 என்றால் அமெரிக்கா, பயமில்லை.

முகில்
பயம் அங்கேதான். +1 என்பது அமெரிக்காவும் கனடாவும் மட்டும் இல்லை. 473 கிரெனடா, 876 ஜமைக்கா, 809 டொமினிகன் குடியரசு. எல்லாம் +1-க்குள். பார்த்தால் அமெரிக்க ஊர் எண் மாதிரியே இருக்கும்.

பூவரசு
என் தம்பி ஜமைக்காவில்தான் இருக்கிறான். அவன் கூப்பிட்டால் அதுவும் மோசடியா? ஒரு நாட்டையே திருடர்கள் என்று சொல்வது நன்றாக இல்லை.

முகில்
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? தம்பி எண்ணைப் பெயரோடு சேமித்து வையுங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

மூத்தவன்47
தம்பி கதை எதற்கு? இழை எங்கேயோ போகிறது. கேட்டவருக்குச் சுருக்கமாக: சிம் மாற்றுங்கள், போனை முழுதாக அழியுங்கள். 3 நொடியில் தொடர்புப் பட்டியலை உருவிவிடுகிறார்கள்.

கம்பியாள்
வேண்டாம் அம்மா, எதையும் அழிக்காதீர்கள். சாதாரணக் குரல் அழைப்பில் உங்கள் தொடர்புப் பட்டியலை உருவ வழியில்லை. அது ரொம்ப நாளாகச் சுற்றும் வதந்தி. நீங்கள் இழந்தது காசு மட்டும். இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இன்னும் சில மிஸ்டு கால் வரலாம். ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை, எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வெளிநாட்டுக்குக் கூப்பிடும் பழக்கம் இல்லையென்றால் அந்த வசதியையே பூட்டிவிடுங்கள். டயல் செய்யும் இடத்தில்:

```
*331*0000#
```

0000 இருக்கும் இடத்தில் உங்கள் நெட்வொர்க்கின் தடை ரகசிய எண் வர வேண்டும். சிலவற்றில் 0000, சிலவற்றில் 1234. பூட்டியதா என்று பார்க்க `*#331#`. மிஸ்டு கால் வருவதை இது தடுக்காது, நீங்கள் மறந்துபோய்த் திரும்பக் கூப்பிடுவதைத்தான் தடுக்கும்.

செண்பகம்
0000 போட்டேன், தவறு என்றது. மறுபடி போட்டேன், மறுபடி தவறு. இப்போது 1234 போடட்டுமா?

கம்பியாள்
நில்லுங்கள்! இப்படியே தவறாகப் போட்டுக்கொண்டே போனால் அந்த ரகசிய எண் முடங்கிப்போகும், பிறகு நிறுவனம்தான் திறக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையிடமே கேளுங்கள். பல இடங்களில் அவர்கள் பக்கத்திலிருந்தே பூட்டிவிடுவார்கள். அப்படியே அந்தக் காலின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்: எந்த நாடு, எப்போது தொடங்கியது, எத்தனை வினாடி. புகாரை இன்றே கொடுங்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பதற்குள் தகவல் போனால், அடுத்த தரகுக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மூத்தவன்47
கிடைக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மைனா
கம்பியாள் அண்ணா, எடுக்காமல் விட்டால் நமக்குக் காசு போகாதுதானே? தெரியாமல் எடுத்துவிட்டால்?

கம்பியாள்
சொந்த நெட்வொர்க்கில் இருக்கும்போது உள்வரும் காலுக்குப் போகாது. வெளிநாட்டில் ரோமிங்கில் இருந்தால் எடுத்தாலே போகலாம்.

செண்பகம்
பேசிவிட்டேன். வெளிநாட்டு வசதியைப் பூட்டிவிட்டார்கள். காசு பற்றிக் கேட்டால் "உங்கள் போனிலிருந்து நீங்களே செய்த கால்தானே" என்கிறார்கள். புகார் எண் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மிஸ்டு கால், இந்த முறை +269.

பூவரசு
269 எந்த நாடு?

முகில்
கொமொரோஸ். எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லவில்லை, திரும்பக் கூப்பிடாதீர்கள். புகார் என்ன ஆனது என்று ஒரு வரி போடுங்கள் செண்பகம்.