உழவர் சந்தை விலைப்பலகை: அளவு தெளிவாகத் தெரியவும் அட்டையை எளிதில் மாற்றவும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கீரையும் அவரையும் கொண்டுவரும் விவசாயி, ஈரோடு மாவட்டம்

எங்கள் உழவர் சந்தையின் வாயிலில் உள்ள பெரிய கரும்பலகையில் காய்களின் பெயர்கள் வண்ணத்தில் நிலையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றுக்கு எதிரே அன்றைய விலையைச் சந்தை அலுவலகத்தார் விடியற்காலையில் சாக்பீஸால் எழுதுவார்கள். உள்ளே எங்கள் கடைகளில் ஆளுக்கொரு சிலேட்டு வைத்திருக்கிறோம். கீரை வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டியிருப்பதால் சிலேட்டில் எழுதிய எண் கரைந்துவிடுகிறது. 36 என்று எழுதியதில் 6-இன் வால் அழிந்து 30 போலத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை அளவைப் பற்றியது. எனக்கு அடுத்த கடையில் அவரைக்காய்க்கு 15 என்று பெரிதாகவும், அதன் ஓரத்தில் ¼ என்று நகத்தளவிலும் எழுதியிருந்தார்கள். ஓர் அம்மா ஒரு கிலோவைப் பொறுக்கித் தட்டில் போட்டு, எடை போட்ட பிறகு 60 ரூபாய் என்றதும் அத்தனையையும் திரும்பக் கொட்டிவிட்டு, வேறு எதையும் வாங்காமல் போய்விட்டார். கடைக்காரர் பொய் எழுதவில்லை, ஆனால் அந்த அம்மா ஏமாற்றப்பட்டதாகவே நினைத்திருப்பார். ஆகவே நாங்கள் சிலர் சேர்ந்து, அளவு தடித்த எழுத்தில் தெரியும்படியும், எண் அட்டைகளை நொடியில் மாற்றும்படியும் பலகை செய்துகொள்ள விரும்புகிறோம். செய்து பார்த்தவர்களும் பயன்படுத்திப் பார்த்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

மாடித்தோட்டத்தை விட்டு நிலத்துக்கு வந்தவர், திண்டுக்கல் மாவட்டம்

அட்டையை மாற்றிக்கொள்ளும் வேலையே வேண்டாம், ஐயா. உழவர் அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவரோ, அட்டையில் படம் உள்ள குடும்பத்தாரோதான் கடையில் உட்கார வேண்டும் என்று எங்கள் ஊரில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். ஒருவர் அட்டையில் இன்னொருவர் உட்காரத் தொடங்கினால் வியாபாரிகள் உள்ளே வந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்ட விவசாயி

நீங்கள் சொல்வது சரியே, ஆனால் நான் கேட்டது அடையாள அட்டையைப் பற்றி அல்ல; விலை எழுதிய எண் அட்டைகளைப் பற்றி.

பலகை, ஸ்டிக்கர் வேலை செய்பவர், கோயம்புத்தூர்

பழமுதிர் நிலையங்களுக்கும் சந்தைக் கடைகளுக்கும் இவ்வகைப் பலகைகளைச் செய்து கொடுத்திருக்கிறேன். பலரும் முதலில் கேட்பது, ஒரு டப்பா நிறைய எண் அட்டைகள். தேவையானதை எடுத்துச் செருகிக்கொள்ளலாம் என்ற எண்ணம். அது சில நாள்தான் ஓடும். வரத்து அதிகமான நாளில் பாதிக் காய்கள் முப்பது ரூபாய்களிலேயே நிற்கும்; அன்று 32, 34, 36, 38 என்று எழுதப் போனால் 3 தீர்ந்துவிடும், 7-உம் 9-உம் குவிந்து கிடக்கும். டப்பாவும் ஒருநாள் காணாமல் போகும். எனவே ஒவ்வோர் எண்ணிடத்துக்கும் அதற்குரிய முழு எண் கட்டு அங்கேயே தொங்க வேண்டும் என்பது என் முடிவு.

பன்னிரண்டு காய் விற்கும் ஒரு கடைக்குச் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வரிசைக்கு மூன்று கொக்கிகள். பத்தாமிடத்துக்கும் ஒன்றாமிடத்துக்கும் ஐந்தைந்து அட்டைகள். இருபுறமும் அச்சிட்டால் 0-1, 2-3 என ஐந்து அட்டையிலேயே பத்து எண்களும் அடங்கிவிடும். நூறாமிடத்துக்கு இரண்டு அட்டை போதும்: ஒன்றில் ஒருபுறம் வெறுமை, மறுபுறம் 1, மற்றதில் 2-உம் 3-உம். வரிசைக்குப் பன்னிரண்டு அட்டை, மொத்தம் 144. வேண்டிய அட்டையை முன்னே தொங்கவிட்டால் மற்றவை பின்னாலேயே நிற்கும். தேடவும் வேண்டாம், தொலையவும் தொலையாது. அட்டைக்கு 3 மில்லிமீட்டர் போம் ஷீட் எடுத்தால் ஐந்தும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் கனம் வரும். ஆகவே கொக்கி குறைந்தது இரண்டரை சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். குட்டையான கொக்கி போட்டால் முன் அட்டை காற்றில் கழன்று கூடைக்குள் விழும். வரிசையின் கீழே குறுக்காக ஒரு மெல்லிய எலாஸ்டிக் இழுத்துக் கட்டினால் அட்டைகள் படபடக்காது.

துளையை அட்டையின் மேல் விளிம்பில் மட்டும் போடுங்கள். கீழும் துளை இருந்தால் அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். 6 அப்போது 9 ஆகிவிடும், 60 ரூபாய்ப் பொருள் 90 ஆகும். மேல் துளை மட்டும் இருந்தால் தலைகீழாக மாட்டவே முடியாது.

தடித்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தை ஓரளவுக்கு மேல் தடிக்க வைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'கிலோ' என்பதில் மேல் விலங்கும் கொம்பின் சுழியும் நிரம்பிப்போய், பத்தடி தள்ளி நின்றால் கறுப்புத் திட்டாகவே தெரியும். தடிமனைக் கூட்டுவதற்குப் பதிலாக உயரத்தைக் கூட்டுங்கள். விலை எண் எவ்வளவு உயரமோ அளவும் அவ்வளவு உயரம் இருக்கட்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது எங்கள் தொழிலில் உள்ள கணக்கு. சந்தை நெரிசலுக்கு நான் இரண்டு அங்குலம் வைக்கிறேன். 'கி' என்று சுருக்கவே சுருக்காதீர்கள், ஏனெனில் கிலோவுக்கும் கிராமுக்கும் முதலெழுத்து அதுதான். ¼ என்ற குறியும் வேண்டாம். '250 கிராம்' என்றோ 'கால் கிலோ' என்றோ முழுதாக எழுதி, அதை விலைக்கு முன்னே வையுங்கள். கண் இடமிருந்து வலமாகப் போவதால் அளவைப் படித்த பிறகே விலைக்கு வரும். பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டாமல் மேட் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கிழக்கு வெயில் சாய்ந்து விழும் காலை நேரத்தில்தான் உங்கள் வியாபாரமே நடக்கிறது.

வாடிக்கையாளர், சென்னை

இதற்கெல்லாம் அடிப்படையே வேறு என்று நினைக்கிறேன். வாயில் பலகையில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதே விலைக்குத்தான் எல்லாக் கடைகளிலும் விற்க வேண்டும் என்பது விதி. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அளவும் கிலோ ஒன்றுதான் செல்லும். கட்டு, காய் என்று விற்பதே முறையல்ல. விதிப்படி நடந்தால் கடைக்குக் கடை அட்டை எதற்கு? நான் வாங்கும் இடத்தில் முருங்கைக்காய் பலகையில் கிலோக் கணக்கிலும் கடையில் காய்க் கணக்கிலும் இருப்பதால் எது மலிவு என்று என்னால் ஒப்பிடவே முடிவதில்லை.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், மதுரை

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல் இந்த விலைப்பலகைகளைப் பார்த்து வருகிறேன். சில ஆண்டுகள் விலை நிர்ணயக் குழுவோடு விடியலில் மொத்த மார்க்கெட்டுக்கும் போயிருக்கிறேன். சென்னை அம்மா சொன்னதில் பாதி சரி. பலகை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது உறுதி. குறைத்து விற்பதற்குத் தடை இல்லை. பத்து மணிக்கு மேல் மீந்த காயைக் குறைத்துத் தள்ளிவிட்டுப் பேருந்து பிடிக்கும் விவசாயியை யாரும் தடுத்ததில்லை. அப்படிக் குறைக்கிறவருக்குத்தான் கடையில் தனி அட்டை தேவைப்படுகிறது.

விலை எப்படி வருகிறது என்று தெரிந்தால் எண் அட்டை ஏன் முழுக் கட்டாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கும். மொத்த விலைக்கு மேல் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு, வெளிச் சில்லறை விலைக்கு அதே அளவு கீழ் என்பது பொதுவான கணக்கு. தக்காளி மொத்தத்தில் 30, வெளிக்கடையில் 45 என்றால், இருபது விழுக்காட்டுக் கணக்கில் இரு பக்கமிருந்தும் 36 வரும். வண்டிக்காரர் அதை 35 என்றோ 40 என்றோ முழுதாக்கிவிடுவார். சந்தைப் பலகையில் 36 என்றே எழுதுவோம். ஆதலால் 0, 5 மட்டும் வைத்துக்கொண்டு பலகை நடத்த முடியாது.

அளவைப் பொறுத்தவரை, எண்ணி விற்பதும் ஏற்புடைய முறையே. தேங்காயும் வாழைக்காயும் எண்ணிக்கையில்தான் போகின்றன. முருங்கைக்காய்க்கு வாயிலில் கிலோவும் கடையில் காயும் இருப்பது உண்மையான குறை. சந்தை ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து இரண்டு இடத்திலும் அதையே எழுத வேண்டும். கீரைக் கட்டுக்குத்தான் என்னிடம் நல்ல விடை இல்லை. கட்டின் பருமன் கைக்குக் கை மாறும். மழைக்காலத்தில் சிறுத்துவிடும், விலை மட்டும் அப்படியே நிற்கும்.

வாரச் சந்தை வியாபாரி, நாமக்கல் மாவட்டம்

நான் உழவர் சந்தைக்காரன் அல்லன். திங்களுக்கு ஓர் ஊர், செவ்வாய்க்கு ஓர் ஊர் என்று தார்ப்பாய் விரிப்பவன். கொக்கி அடிக்க எனக்குச் சுவரும் இல்லை, பலகையும் இல்லை. மூங்கில் குச்சியைப் பிளந்து, அதில் அட்டையைச் செருகிக் காய்க் குவியலிலேயே நட்டுவிடுகிறேன். அளவுக்கு வண்ணம் வைத்திருக்கிறேன்: கிலோவுக்கு வெள்ளை, கட்டுக்குப் பச்சை, எண்ணிக்கைக்கு மஞ்சள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். ஆனால் வெயிலில் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகத் தெரியத் தொடங்குகிறது. அப்போது காய் விலையைக் கிலோ விலை என்று கேட்டு வாங்க வருகிறார்கள். அதனால் வண்ணத்தோடு எழுத்தும் வேண்டும் என்பதே என் அனுபவம்.

கேள்வி கேட்ட விவசாயி

அனைவருக்கும் நன்றி. கோவை நண்பர் சொன்னபடி ஐந்து வரிசையில் ஒரு மாதிரிப் பலகை செய்து மாட்டினேன். தண்ணீர் பட்டாலும் துடைத்தால் போதுமாக இருக்கிறது. '1 கிலோ', '1 கட்டு', 'இரண்டு கட்டு', '250 கிராம்' என்ற அளவு அட்டைகளையும் தனிக் கொக்கியில் தொங்கவிட்டதால், கடைசி நேரத்தில் கீரையை 'இரண்டு கட்டு' என்று மாற்ற நொடிதான் ஆகிறது. அளவு என்ன என்று கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. வாயில் பலகையில் தக்காளி 32-36 என்று தரத்துக்கேற்ப வீச்சாக எழுதுகிறார்கள். மூன்று கொக்கியில் அதை எப்படிக் காட்டுவது?

பலகை வேலை செய்பவர், கோயம்புத்தூர்

கடைப் பலகையில் வீச்சு வேண்டாம். உங்கள் கூடையில் இருப்பது ஒரு தரம்தான். அதற்கு ஒரே விலையைத் தொங்கவிடுங்கள். இரண்டு தரம் இருந்தால் இரண்டு வரிசை.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், மதுரை

இதில் நான் முழுதாக உடன்படவில்லை. கடையில் ஒரே எண் இருந்தால், அந்தக் காய் முதல் தரமா இரண்டாம் தரமா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? 36 போட்டு இரண்டாம் தரத்தை விற்றால் மேல் வரம்பு மீறப்படவில்லை என்றுதான் அலுவலகம் சொல்லும். அளவு அட்டைக்குப் பக்கத்தில் தரத்துக்கும் ஒரு கொக்கி அடித்துப் பாருங்கள். விவசாயிகள் தங்கள் காயைத் தாங்களே 'இரண்டாம் தரம்' என்று மாட்டுவார்களா என்பதைச் சந்தையில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்ட விவசாயி

என் அவரைக்கு நான் மாட்டிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதையும் இங்கேயே எழுதுகிறேன்.